இலவச இசை, எழுத்துரு, ஓவியம்: பதிப்பாளர் கேட்ட பட்டியலை முடித்த அனுபவம்

பதிப்பாளரோடு பேச்செல்லாம் முடிந்து கையெழுத்து மட்டும் பாக்கி இருந்த நேரத்தில், அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு எக்செல் தாள் வந்தது. கேமில் நாங்களே செய்யாத ஒவ்வொரு படத்துக்கும், எழுத்துருவுக்கும், ஒலிக்கும் ஒரு வரி எழுத வேண்டும். எங்கே எடுத்தது, யாருடையது, எந்த உரிமம், அதற்கு என்ன சான்று. ஒப்பந்தத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது: உள்ளே இருப்பது அனைத்துக்கும் உரிமை இருக்கிறது என்று நாங்கள் உறுதி தர வேண்டும், வெளியார் யாராவது வழக்குப் போட்டால் செலவு எங்கள் தலையில். கேமை உருவாக்கியது என் நண்பன். வெளியீட்டுக்கு முன் இந்தத் தாளை நிரப்பும் பொறுப்பு எனக்கு வந்தது.

இலவசக் கேம் படங்கள் தரும் கென்னி தளத்திலிருந்து எடுத்த பட்டன்களும் தரைக்கட்டங்களும் எல்லாம் CC0, அதாவது எந்த நிபந்தனையும் இல்லாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். அவை முதல் நாளே பச்சை ஆகிவிட்டன. மீதியில்தான் தலைவலி.

முதல் அடி சான்று என்ற பத்தியிலேயே விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்க முகவரியைக் கொடுத்து அனுப்பினோம். ஒரு பின்னணி ஓவியத் தொகுப்பைச் சிவப்பாக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம், நாங்கள் படைப்பாளர் பெயரைக் குறிப்பிடச் சொல்லும் CC BY 4.0 உரிமம் என்று எழுதியிருக்க, அந்தப் பக்கத்தைத் திறந்தால் இப்போது CC BY-NC என்று இருக்கிறது. அதாவது வணிகத்துக்கு ஆகாது. நண்பன் கொதித்துப்போனான். "டேய், நான் எடுக்கும்போது வெறும் BY-தான்டா இருந்துச்சு. சத்தியமா."

அவன் சொன்னது உண்மை. CC உரிமம் ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். படைப்பாளர் பிறகு மனம் மாறிப் பக்கத்தை மாற்றினாலும், முன்பு எடுத்தவர்களின் உரிமை போகாது. 4.0 வாசகத்திலேயே திரும்பப் பெற முடியாதது என்று இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது என்பதைக் காட்ட வேண்டியவர் பயன்படுத்துகிறவர். பதிப்பாளரின் சட்டப் பிரிவில் பேசிய அம்மாவும் இதையேதான் சொன்னார்: "சட்டப்படி நீங்க சொல்றது சரிதான் சார். நாளைக்கு ஒருத்தர் கேட்டா நான் எதைக் காட்டுறது?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடினேன். நல்லவேளையாக யாரோ பழைய பக்கத்தைச் சேமித்து வைத்திருந்தார்கள், CC BY 4.0 என்ற வரி தெளிவாகத் தெரிய. நண்பனின் பழைய ஹார்ட் டிஸ்கில் முதலில் இறக்கிய சிப் கோப்பும் கிடைத்தது. உள்ளே `license.txt` இருந்தது. இரண்டையும் அனுப்பியதும் அந்த வரி பச்சையானது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

இதைப் படிக்கும் யாராக இருந்தாலும், கோப்பை இறக்கும் அதே நிமிடம் அந்தப் பக்கத்தை web.archive.org/save-இல் போட்டுச் சேமித்துவிடுங்கள். சிப்பைப் பிரித்த பிறகு அழிக்காதீர்கள். இந்த இரண்டும் இருந்தால் போதும், பாதிச் சண்டை இல்லை.

அடுத்து கதாபாத்திர ஓவியங்கள். 2012-இல் நடந்த லிபரேட்டட் பிக்சல் கப் போட்டியின் பாணியில் வரைந்த ஸ்பிரைட் ஷீட்கள் ஓபன்கேம்ஆர்ட் தளத்தில் ஏராளம். தலை ஒருவர், சட்டை ஒருவர், நடை அசைவு இன்னொருவர் என்று பலர் கை பட்டவை. பெரும்பாலும் CC BY-SA 3.0, கூடவே GPL 3.0 என்ற மென்பொருள் உரிமம். எங்கள் ஓவியர் அதன் மேல் வேட்டி, துண்டு எல்லாம் வரைந்திருந்தார். SA என்பதால் அவர் வரைந்து சேர்த்த ஷீட்டும் அதே உரிமத்தில்தான் வெளியே போக வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதை அவர் மனதார ஒப்புக்கொண்டார். பலரும் பயப்படுவது போல, ஷீட் SA என்பதற்காகக் கேமின் நிரலையும் திறந்துவிட வேண்டும் என்று பொதுவாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. CC BY, CC BY-SA இரண்டிலுமே ஒரு நிபந்தனை உண்டு: பெறுகிறவரின் உரிமையைத் தடுக்கும் தொழில்நுட்பப் பூட்டு எதையும் அந்தப் படைப்பின் மேல் போடக்கூடாது. கணினியில் இது பெரிதாக இடிக்காது. ஸ்டீமில் DRM கட்டாயமில்லை, பூட்டில்லாமலே வெளியிடலாம். ஆனால் பதிப்பாளர் கன்சோலுக்கும் கொண்டுபோக விரும்பினார். அங்கே கோப்புகள் பூட்டப்பட்டுத்தான் விற்பனைக்குப் போகும். உரிமத்தின் பெயரை மட்டும் பார்ப்பவர்கள் கண்ணில் இந்த வரி படுவதே இல்லை.

ஓபன்கேம்ஆர்ட்டில் இதற்கென்றே OGA-BY 3.0 என்று ஓர் உரிமம் இருக்கிறது. CC BY 3.0-இலிருந்து அந்தப் பூட்டு நிபந்தனையை மட்டும் எடுத்துவிட்டது. ஷீட்டில் பங்களித்த ஒவ்வொருவருக்கும் எழுதி, உங்கள் பங்கை OGA-BY-யிலும் தர முடியுமா என்று கேட்டேன். ஆச்சரியம், கிட்டத்தட்ட எல்லோரும் சரி என்றார்கள். ஒருவர் தன் பக்கத்தையே அன்றே மாற்றிவிட்டார். நடை அசைவு வரைந்தவரிடமிருந்து மட்டும் பதிலே இல்லை, கணக்கு பல வருடமாகத் தூங்குகிறது. பல பேர் கை பட்ட படைப்பில் ஒருவர் விடுபட்டாலும் மொத்தமும் நிற்கும். அந்த அசைவை எங்கள் ஓவியர் முதலிலிருந்து புதிதாக வரைந்தார்.

எழுத்துருவில் ஏற்பட்ட எரிச்சல் இன்னும் தீரவில்லை. தலைப்புக்கு நண்பன் ஓர் அழகான தமிழ் எழுத்துருவை வைத்திருந்தான். இறக்கிய தளத்தில் கொட்டை எழுத்தில் "100% இலவசம்". சிப்புக்குள் இருந்த குறிப்பிலோ சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும், வணிகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பவும் என்று ஒரு வரி. அனுப்பினேன், அந்த முகவரியே உயிரோடு இல்லை. காசு கொடுத்து வாங்கலாம் என்றாலும் யாரிடம் கொடுப்பது? தலைப்பு ஓவியத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. தளத்தில் இருக்கும் விளம்பர வரியும் கோப்போடு வரும் குறிப்பும் முரண்பட்டால், கோப்போடு வருவதையே நம்புங்கள். விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் லதா போன்றவற்றையும் எடுத்துக் கேமுக்குள் வைத்துவிடாதீர்கள். கணினியில் இருப்பது வேறு, விநியோகிக்கும் உரிமை வேறு.

கடைசியில் தலைப்புக்குக் கட்டமரன், உரையாடலுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் என்று முடிவு செய்தோம். இரண்டும் OFL 1.1 என்ற திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. கேமோடு சேர்த்து விற்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது. பதிப்புரிமை வரியும் உரிம வாசகமும் கூடவே போக வேண்டும். இந்த இடத்தில், கேமைச் செய்யப் பயன்படுத்திய கோடோ எஞ்சின் ஒரு வேலை காட்டியது. திட்டக் கோப்புறையில் `OFL.txt` இருக்கிறது. ஏற்றுமதி செய்த கேமில் இல்லை. கோடோ தனக்குத் தெரிந்த வகைக் கோப்புகளை மட்டுமே எடுத்துச்செல்லும். ஏற்றுமதி அமைப்பில் வளங்கள் என்ற பிரிவில், வளமல்லாத கோப்புகளுக்கான வடிகட்டியில் இதைச் சேர்த்த பிறகே அது உள்ளே போனது:

```
*.txt
```

உள்ளே போனால் மட்டும் போதாது, விளையாடுகிறவர் பார்க்கவும் முடிய வேண்டும். அதனால் நன்றித் திரையிலும் அந்த வாசகத்தைத் திறக்க ஒரு பட்டன் வைத்தோம். இன்னொன்று: `OFL.txt`-இன் மேல் வரியில் `Reserved Font Name` என்று ஏதாவது பெயர் இருந்தால், எழுத்துருவைச் சுருக்கினாலோ மாற்றினாலோ அதே பெயரில் கொடுக்கக்கூடாது. தமிழ் எழுத்துரு ஒன்றின் அளவு பொதுவாகச் சில நூறு கேபிக்குள்தான். சுருக்காமல் அப்படியே வைத்துவிடுங்கள்.

இசைக்கு வருகிறேன். டிரெய்லரிலும் கேமிலும் ஒரு வீணைத் துண்டு. தியாகராஜர் கீர்த்தனை ஒன்று. அவர் 1847-இல் மறைந்தவர், மெட்டுக்கு யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் வாசித்துப் பதிவு செய்தவருக்கு அந்தப் பதிவின் மேல் தனி உரிமை உண்டு. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு. எங்கள் துண்டை வாசித்த கலைஞரே CC BY 3.0-இல் போட்டிருந்தார். எல்லாம் சரி. டிரெய்லரைப் பொதுவில் விடுமுன் வீடியோத் தளத்தில் மறைவாக ஏற்றிப் பார்த்தேன். சில நிமிடத்தில் உரிமைக் கோரல் வந்து நின்றது, விளம்பர வருமானம் வேறொருவருக்கு என்று.

விசாரித்ததில், கலைஞர் அதே பதிவை ஒரு விநியோக நிறுவனம் வழியாகப் பாட்டுச் செயலிகளிலும் விட்டிருக்கிறார். அந்த நிறுவனம் தானியங்கி அடையாளம் காணும் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டது. எந்திரத்துக்கு CC தெரியாது. அவருக்கே இப்படி நடந்தது தெரியாது, பாவம், மன்னிப்புக் கேட்டு எழுதினார். ஆட்சேபம் போட்டு, அவர் கடிதத்தையும் இணைத்தோம். பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள். அதற்குள் கோரல் விலகியது.

ஆனாலும் அந்தத் துண்டைக் கேமிலிருந்து எடுத்துவிட்டோம். எங்கள் டிரெய்லர் தப்பிக்கும். கேமை விளையாடி வீடியோ போடும் ஒவ்வொருவருக்கும் இதே கோரல் வரும், அவர்கள் எல்லோரும் நம் சார்பில் சண்டை போடுவார்களா? அதற்குப் பின் ஒவ்வொரு இசைக்கும் மறைவாக ஏற்றிப் பார்ப்பது வழக்கமாயிற்று.

டிரெய்லர் பற்றி இன்னொரு எச்சரிக்கை. இசையை அசையும் காட்சியோடு நேரம் பொருத்திச் சேர்த்தால் அது தழுவல்தான் என்று CC உரிம வாசகமே சொல்கிறது. ஆகவே தழுவக்கூடாது என்கிற ND இசை டிரெய்லருக்கு ஆகவே ஆகாது. SA இசையைப் போட்டால் டிரெய்லரையும் SA-வில் விட வேண்டும். நாங்கள் டிரெய்லருக்கு CC0, CC BY இரண்டை மட்டும் அனுமதித்தோம்.

நன்றித் திரையில் ஒவ்வொரு CC BY படைப்புக்கும் இப்படி ஒரு வரி:

```
மழைக்காடு (பின்னணி இசை) - படைப்பாளர் பெயர்
CC BY 3.0 https://creativecommons.org/licenses/by/3.0/
மூலம்: பக்க முகவரி. மாற்றம்: நீளம் குறைக்கப்பட்டது.
```

3.0-இல் படைப்பின் தலைப்பு இருந்தால் அதையும் போட வேண்டும். முக்கியமாக, 3.0-இல் நிபந்தனை மீறினால் உரிமம் தானாகவே அறுந்துவிடும். 4.0-இல் தெரியவந்த 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால் உரிமம் மீண்டும் கிடைத்துவிடும். ஒரே படைப்பு இரண்டிலும் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு 4.0-ஐ எடுங்கள்.

தாள் முழுக்கப் பச்சையானதும் அந்தச் சட்டப் பிரிவு அம்மாவே அழைத்து, "கையெழுத்துப் போடலாம் சார்" என்றார். கணினிப் பதிப்பு வெளியாகப் போகிறது. கன்சோல் பதிப்பு மட்டும், மிச்சமிருக்கும் இரண்டு CC BY ஒலிகளுக்கு அவற்றின் உரிமையாளர்களிடமிருந்து பூட்டு நிபந்தனை விலக்கு எழுத்தில் வரும் வரை காத்திருக்கிறது.