வளைந்த கைத் தெளிப்பானின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பிடித்த கதை

புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் இரண்டு கைத் தெளிப்பான் ஒன்று என்னிடம் இருக்கிறது. தண்ணீரைத் திறந்தால் கைகள் தானே சுற்றும். மோட்டார் எதுவும் கிடையாது. ஓடவிடாமலேயே, நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்று சொல்ல முடியுமா என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

முதலில் அளவுகள். மையத்திலிருந்து நாசில் வரை 15 செ.மீ. நாசில் துளை 4 மி.மீ. கையின் நுனி பக்கவாட்டில் வளைந்து, கிடைமட்டத்திலிருந்து 30 பாகை மேலே பார்க்கிறது. தண்ணீர் அளவைப் பிடிக்கத் தெளிப்பானை ஓர் அகலமான டிரம்முக்குள் இறக்கி, சுற்றவிட்டபடியே ஒரு நிமிடம் சேகரித்தேன். 12 லிட்டர் வந்தது. சுற்றவிட்டே அளந்ததற்குக் காரணம் உண்டு: கைகள் சுற்றும்போது உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளிப்பக்கம் தள்ளப்படுவதால், நிற்கும்போது வருவதைவிடச் சற்று அதிகம் வரலாம்.

12 லிட்டர் என்றால் வினாடிக்கு 0.2 கிலோ. இரண்டு துளைகளின் மொத்தப் பரப்பால் வகுத்தால், நாசிலை விட்டுத் தண்ணீர் வெளியேறும் வேகம் வினாடிக்கு 7.96 மீட்டர். அதில் கையைச் சுற்ற வைக்கும் கிடைமட்டப் பங்கு 6.89 மீட்டர்.

இந்த 6.89 நாசிலைப் பொறுத்த வேகம். நாசில் முன்னால் ஓடும்போது தண்ணீர் பின்னால் பீய்ச்சுகிறது. அதனால் தரையில் நிற்பவருக்கு அந்தப் பின்னோக்கிய வேகம், கை நுனியின் வேகம் அளவுக்குக் குறைந்துதான் தெரியும். முறுக்குவிசையைத் தீர்மானிப்பது இந்த மிச்ச வேகம்தான். அதாவது தெளிப்பான் வேகமெடுக்க எடுக்க, தண்ணீர் தரும் முறுக்கு குறைந்துகொண்டே வரும். அது பேரிங் உராய்வுக்குச் சமமாகும் இடத்தில் வேகம் நிலைத்துவிடும்.

```
m·R·(u − ωR) = Tf
ω = u/R − Tf/(m·R²)
```

இதில் ω கைகள் சுற்றும் கோண வேகம், m வினாடிக்கு வரும் தண்ணீர், R கையின் நீளம், u அந்த 6.89, Tf உராய்வு முறுக்கு. உராய்வே இல்லை என்றால் ω வினாடிக்கு 45.9 ரேடியன், நிமிடத்துக்கு 439 சுற்று வருகிறது. அதுதான் உச்ச வரம்பு.

சரி, உராய்வை அளக்க வேண்டும். தண்ணீரை மூடிவிட்டு, கை நுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டி மெதுவாக இழுத்தேன். 6 கிராம் காட்டியது. முறுக்காக மாற்றினால் 0.009 நியூட்டன் மீட்டர். கணக்குப்படி 420 சுற்றுக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

ஒரு கைக்கு வண்ணம் பூசி, போனில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் பதிவு செய்தேன். பத்துச் சுற்றுக்கு 830 படங்கள். அதாவது நிமிடத்துக்கு 174 சுற்று. கணக்கில் பாதிகூட இல்லை!

காற்றுத் தடையாக இருக்குமோ என்று முதலில் நினைத்தேன். இந்த வேகத்தில் மெல்லிய கைகளுக்கு அது 0.001 நியூட்டன் மீட்டரைக்கூடத் தொடாது. அப்புறம்தான் தலைப்பகுதியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு ரப்பர் வாஷர். தண்ணீர் ஓடும்போது உள் அழுத்தம் சுழலும் தலையை மேலே தூக்கி, அந்த வாஷர்மேல் அழுத்துகிறது. வாஷர் 24 மி.மீ. அகலம். நாசில் வேகத்துக்குத் தேவையான அழுத்தத்தை மட்டும் எடுத்தாலே, ஒன்றரைக் கிலோ எடை வைத்து அழுத்துவதற்குச் சமம். தண்ணீர் இல்லாமல் நான் அளந்தது, அந்தப் பாரம் இல்லாத பேரிங்கை.

அப்படியென்றால் தண்ணீர் ஓடும்போதே அளக்க வேண்டும். ஆனால் அப்போது தண்ணீரின் தள்ளலும் சேர்ந்தே தராசில் விழுமே? இதற்குக் கிடைத்த வழி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கையைத் தராசால் பிடித்து நிறுத்தி, அது போக நினைக்கும் திசையிலேயே மெதுவாக விட்டுக்கொடுத்தால், உராய்வும் என்னோடு சேர்ந்து கையைத் தடுக்கும். தராசு காட்டுவது தண்ணீர் முறுக்கு கழித்தல் உராய்வு. அதே கையை எதிர்த்திசையில் மெதுவாக இழுத்தால், இரண்டையும் நானே வெல்ல வேண்டும். தராசு காட்டுவது தண்ணீர் முறுக்கு கூட்டல் உராய்வு.

விட்டுக்கொடுக்கும்போது 59 கிராம், இழுக்கும்போது 222 கிராம். வித்தியாசத்தில் பாதி 81.5 கிராம், அதாவது 0.12 நியூட்டன் மீட்டர் உராய்வு. தண்ணீர் இல்லாமல் அளந்ததைப்போல் 13 மடங்குக்கும் மேல். இரண்டின் சராசரி 140.5 கிராம், அது 0.207 நியூட்டன் மீட்டர். கை நிற்கும்போது சூத்திரம் சொல்லும் தண்ணீர் முறுக்கும் அதேதான். அந்தப் பொருத்தத்தைப் பார்த்ததும் வேக அளவின்மேல் நம்பிக்கை வந்தது.

இப்போது சூத்திரம் 184 சுற்று என்கிறது. உண்மையில் 174. தராசில் ஓர் அளவை 7 கிராம் தவறிப் படித்தாலே இந்த வித்தியாசம் வந்துவிடும்.

வாஷர்தான் காரணம் என்பதை இன்னொரு வழியிலும் சோதிக்கலாம். தண்ணீரைக் குறைத்தால் அழுத்தம் அதன் வர்க்கத்தில் குறையும். உராய்வு அழுத்தத்தால் வருவது என்றால், அதுவும் அப்படியே குறைந்து, வேகம் தண்ணீர் அளவுக்கு நேர்விகிதத்தில் இறங்க வேண்டும். உராய்வு மாறாத ஒன்று என்றால், நிமிடத்துக்கு 9 லிட்டரில் தெளிப்பான் சுற்றவே கூடாது. 9 லிட்டருக்குத் திருப்பினேன். 126 சுற்று சுற்றியது. நேர்விகிதக் கணக்கு 130.

வேகத்தைக் கூட்ட அந்த வாஷருக்குப் பதில் டெஃப்ளான் வாஷர் போட்டுப் பார்த்தேன். 105 கிராமும் 176 கிராமும் வந்தன. உராய்வு பாதிக்கும் கீழே போய்விட்டது. கணக்கு 328, ஸ்லோமோஷன் 310. அழகாகச் சுற்றியது. ஆனால் நனைந்த வட்டம் சுருங்கிவிட்டது. முன்பு விளிம்பு 3 மீட்டர் தள்ளி இருந்தது, இப்போது ஒன்றரை மீட்டர்தான்.

தரையைப் பொறுத்த அந்த மிச்ச வேகம்தான் தண்ணீரை வெளியே கொண்டுபோகிறது. 174 சுற்றில் அது வினாடிக்கு 4.2 மீட்டர், 310 சுற்றில் 2 மீட்டர். மேல்நோக்கிய வேகம் மாறவில்லை, காற்றில் இருக்கும் நேரம் இரண்டிலும் 0.8 வினாடிதான். பெருக்கினால் 3.4, 1.6. காற்று கொஞ்சம் பிடித்துக்கொண்டதைச் சேர்த்தால் நனைந்த வட்டம் சொன்னதேதான். உராய்வே இல்லாத தெளிப்பான் 439 சுற்றில் தண்ணீரை நேர் மேலே எறிந்து, தன்னைச் சுற்றியே கொட்டிக்கொள்ளும்.

ரப்பர் வாஷரைத் திரும்ப மாட்டிவிட்டேன். அடுத்து 30 பாகை நாசிலை 20 பாகைக்கு வளைத்து, அதே இரண்டு இழுப்பு முறையில் அளக்கப் போகிறேன்.