இன்று எனக்கும் முதல் வகுப்பு

அன்று காலை எட்டரை மணிக்கு, கொழிஞ்சாம்பாறை போகும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ஸ்டேட்டஸில் ஒரு வரி போட்டேன்: "இன்று எனக்கும் முதல் வகுப்பு." ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூடத்தில் முதல் நாள். எனக்கு டீச்சராக முதல் நாள். கீழே இருந்த படம், முந்தின நாள் நானே துடைத்து வைத்துவிட்டு வந்த வெறும் கரும்பலகை. வாழ்த்துகள் வந்துகொண்டே இருந்தன. எனக்கோ கை சில்லென்று இருந்தது. சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு படபடப்பு.

இந்த ஜூனில் முதல் முறையாக வகுப்பெடுக்கப் போகிறவர்கள் சிலர், "அந்த முதல் நாளை எப்படிச் சமாளிச்சீங்க அக்கா?" என்று கேட்டதால் இதை எழுதுகிறேன். பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலூகாவின் எல்லையோரத் தமிழ் மீடியம் எல்.பி. பள்ளி ஒன்றில் நடந்தது. அரசுப் பள்ளி, தினக்கூலி வேலை. டி.எல்.எட். முடித்து, கே-டெட் முதல் பிரிவு தேறி, இன்டர்வியூ முடிந்து நான்காம் நாள் வகுப்பில் நிற்கிறேன். நான் பிறந்தது பொள்ளாச்சிப் பக்கம், வாக்கப்பட்டு வந்தது இங்கே. இது ஏன் முக்கியம் என்று போகப் போகத் தெரியும்.

பயிற்சியில் நாம் டீச்சிங் மேனுவல் எழுதப் பழகுகிறோம். ஒரு பீரியடுக்கு என்ன செயல்பாடு, என்ன கேள்வி, பிள்ளையிடம் எதிர்பார்ப்பது என்ன என்று அழகாக எழுதிவிடுவோம். நானும் முதல் நாளுக்கு மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதில் பாதிப் பக்கம்கூட நடக்கவில்லை. முதல் நாள் பாடத்துக்கான நாள் இல்லை. அன்றைக்கு முடிக்க வேண்டிய வேலை இரண்டுதான். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வீட்டில் கூப்பிடுகிறபடி கூப்பிடத் தெரிய வேண்டும். தண்ணீர், கழிப்பறை, பசி, வலி இந்த நான்கையும் பிள்ளை எந்த வார்த்தையில் சொன்னாலும் நமக்குப் புரிய வேண்டும். முதலாவதற்குத் தயாராகப் போனேன். இரண்டாவதில் தவறினேன்.

பெயர் விஷயத்தில் எனக்கு வழி காட்டியவர் எங்கள் ஹெச்.எம். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, 14 பெயர்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, "அங்கன்வாடி டீச்சரை ஒரு தடவை பார்த்துட்டு வாங்க" என்றார். அப்போது எதற்கு என்று புரியவில்லை. பட்டியல் முழுக்க ஆங்கில எழுத்து. இனிஷியல் கேரள வழக்கப்படி பெயருக்குப் பின்னால். அதில் யாழினி என்று ஒரு குழந்தை (பெயரை மாற்றியிருக்கிறேன்). ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவர் 'ழ'வுக்கு வெறும் எல் போட்டுவிட்டார். நான் படித்தால் "யாலினி" என்றுதான் வரும். இன்னொரு குழந்தை கோமதி. அதை கே போட்டு எழுதியிருந்தார்கள். தமிழில் ஒரே 'க'தான், எங்கே அழுத்த வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்று நம் வாய்க்குத் தெரியும். ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ எழுதும்போது அந்த இரண்டு ஒலிக்கும் வேறு வேறு எழுத்து. எழுதுகிறவர் தேர்ந்தெடுப்பது தப்பிப்போனால் பெயரே மாறிவிடும்.

அங்கன்வாடி டீச்சர் பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். "இவ யாழி. இவ பேரைச் சொன்னா திரும்ப மாட்டா, அம்முன்னு கூப்பிடணும். இவன் தம்பி. வீட்ல ரெண்டாவது பையன், அவனைத் தம்பின்னே பழக்கிட்டாங்க." ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டேன். முதல் கட்டத்தில் பட்டியலில் உள்ள பெயர், இரண்டாவதில் அதைச் சரியான தமிழ் எழுத்தில், மூன்றாவதில் வீட்டுப் பெயர். அன்று ராத்திரி 14 பெயரையும் வாய்விட்டுப் பத்துத் தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பேன். பழைய காலண்டர் அட்டையைப் போஸ்ட் கார்டு அளவுக்கு வெட்டி, ஒவ்வொன்றிலும் தமிழில் பெயரைப் பெரிதாக எழுதினேன். கூடவே நான்கைந்து வெற்று அட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் ஆறாவது வேலை நாளன்று இருக்கிற பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடத்தையே கணக்குப் பார்ப்பார்கள். அதுவரை பட்டியல் ஆடிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு மூன்றாம் நாள் ஒரு பிள்ளை புதிதாக வந்தாள். எல்லார் கையிலும் அட்டை இருக்க, அவள் கை மட்டும் காலியாக இருந்திருந்தால் பாவம்.

முதல் நாள் பிரவேசனோத்சவம். பலூன், தோரணம், மிட்டாய், பேச்சு எல்லாம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் வரும்போது மணி பதினொன்றை நெருங்கிவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே அம்மாக்கள். உள்ளே மூன்று பேர் அழுகிறார்கள், நான்காவது பிள்ளை அதைப் பார்த்து அழத் தயாராகிறான். எனக்குத் தொண்டை வறண்டது. தயார் செய்து வைத்திருந்த முதல் வாக்கியம் மறந்தே போனது.

அப்போது கையில் இருந்த அட்டைகள்தான் காப்பாற்றின. மேசையில் உட்கார்ந்து ஹாஜர் எடுக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் போய், முட்டி போட்டு உட்கார்ந்து, வீட்டுப் பெயரை முதலில் சொல்லி, அப்புறம் அட்டையில் உள்ள பெயரைச் சொன்னேன். "அம்மு... அம்முவோட பேரு முத்துலட்சுமி. இந்தா, இது உன் பேரு." அட்டையை இரண்டு கையாலும் வாங்கினாள். அழுகை பாதியில் நின்றது. எழுத்து என்ன என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் அது தன்னுடையது என்று தெரிந்தது. நான் நின்றபடி பேசியபோது என் குரல் ஓடியது. உட்கார்ந்து ஒரு பிள்ளையிடம் பேசியபோது தானாகவே நிதானப்பட்டது. படபடப்பு இருக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: மொத்த வகுப்பையும் பார்த்துப் பேச ஆரம்பிக்காதீர்கள், ஒரு பிள்ளையிடம் பேச ஆரம்பியுங்கள்.

இனி நான் தவறிய இடம். பெயர்கள் முடிந்து, பூவரச இலைகளைப் பெரியது சிறியது என்று அடுக்கிக்கொண்டிருந்தோம். (நான் கொண்டுபோனது புளியங்கொட்டை. ஹெச்.எம். பையைப் பார்த்ததும் வாங்கி வைத்துவிட்டார். ஐந்து வயதுப் பிள்ளைகள் மூக்கில் போட்டுக்கொள்வார்களாம். இலை அவர் யோசனை.) கடைசி பெஞ்சிலிருந்து தம்பி எழுந்து வந்தான். என் புடவையைப் பிடித்து, "டீச்சரே, முள்ளணும்" என்றான்.

முள் குத்திவிட்டது என்று நினைத்தேன். உடனே அவனை உட்காரவைத்து, காலைத் தூக்கி மடியில் வைத்து, பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "எங்கடா கண்ணு? எங்க குத்துச்சு?" அவன் இன்னும் அழுத்தமாக, "முள்ளணும் டீச்சரே" என்கிறான். மறு காலையும் பார்த்தேன். அதற்குள் டிரவுசர் நனைந்துவிட்டது.

மலையாளத்தில் 'முள்ளுக' என்றால் ஒன்றுக்குப் போவது. வீடுகளில் குழந்தைகள் சொல்கிற வார்த்தை. இந்தப் பக்கம் தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தில் கேட்டுக் கேட்டு, மலையாளச் சொல்லில் தமிழ் 'ணும்' சேர்த்துப் பேசுவார்கள். பொள்ளாச்சிக் காதுக்கு அது முள்ளாகத்தான் கேட்டது. அந்தப் பிள்ளை சரியாகத்தான் சொன்னான், நேரத்துக்குத்தான் சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு நின்றவனைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. நல்ல வேளை, பக்கத்து வகுப்பு டீச்சரிடம் மாற்று டிரவுசர் இருந்தது. உங்கள் பையில் ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மதியம் சோற்றுக்குப் பிறகு அந்த டீச்சரிடம் உட்கார்ந்து ஒரு சின்னப் பட்டியல் எழுதினேன். 'வெள்ளம்' என்று பிள்ளை கேட்டால் தண்ணீர். 'விசக்குது' என்றால் பசி. 'உவ்வாவு' என்றால் காயம். இவை கேட்டதும் தெரியாவிட்டாலும் திருப்பிக் கேட்கத் தோன்றும். ஆபத்து, தெரிந்த வார்த்தை மாதிரியே இருப்பவற்றில். 'வயிறு வேதனை' என்று ஒரு பிள்ளை சொன்னால் நமக்கு அது ஏதோ மனக்கஷ்டம் போலக் கேட்கும். மலையாளத்தில் வேதனை என்றால் உடம்பு வலியும்தான். பிள்ளைக்கு நிஜமாகவே வயிறு வலிக்கிறது. நீங்கள் மூணாறு, பீர்மேடு பக்கமோ, அந்தப் பக்கம் ஆந்திரத்துச் சித்தூர், நகரி எல்லையிலோ போனால் வார்த்தைகள் வேறாக இருக்கும். அங்கன்வாடி டீச்சரிடம் பெயர் கேட்கப் போகும்போதே, இந்த நான்கு தேவைக்கும் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை அப்படிச் சொல்லும்போது "தண்ணின்னு சொல்லு" என்று திருத்த வேண்டாம், குறைந்தது முதல் வாரம். முதலில் தண்ணீரைக் கொடுங்கள். கொடுக்கும்போது "இந்தா தண்ணி" என்று நீங்கள் சொன்னால் போதும், பத்து நாளில் இரண்டு வார்த்தையும் அவர்கள் வாயில் இருக்கும்.

இன்னொன்றையும் மறுநாளிலிருந்து மாற்றினேன். வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே எல்லாரையும் வரிசையாகக் கூட்டிப்போய் கழிப்பறையையும் குழாயையும் காட்டினேன். கதவுத் தாழ் உயரம், குழாய் திருகும் பக்கம் எல்லாம் ஒவ்வொருவரும் செய்து பார்த்தார்கள். சொல்லக் கூச்சப்படும் பிள்ளைக்காகச் சுண்டு விரலைக் காட்டப் பழக்கினேன். இன்டர்வெல் மணிக்குக் காத்திராமல், முக்கால் மணிக்கு ஒரு தடவை நானே கேட்டுவிடுவேன்.

ஸ்டேட்டஸ் பற்றியும் ஒன்று. முதல் நாள் மகிழ்ச்சியில் பிள்ளைகளோடு படம் எடுத்துப் போடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பெற்றோரைக் கேட்காமல் பிள்ளையின் முகம், பெயர், பள்ளிப் பெயர் போட வேண்டாம். நனைந்த டிரவுசரோடு நின்ற தம்பியை நினைத்தால், அன்று கேமராவை எடுக்காமல் இருந்ததே நல்லது என்று படுகிறது. கரும்பலகை போதும், பூவரச இலை போதும்.

சாயங்காலம் பஸ்ஸில் காலையில் போட்ட வரியைத் திரும்பப் படித்தேன். அழிக்கவில்லை. அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: "14 பெயர் கற்றுக்கொண்டேன். ஒரு வார்த்தையும்."

மறுநாள் காலை பத்தே முக்கால் இருக்கும். தம்பி சுண்டு விரலை நீட்டிக்கொண்டு வந்தான். நான் கேட்கும் முன்பே, முதல் நாள் நான் பார்த்த பாதத்தை ஒரு தடவை தூக்கிக் காட்டிவிட்டு, "முள்ளு இல்ல டீச்சரே" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைப் பக்கம் ஓடினான்.