துறை முழுவதற்கும் அனுப்பிய அறிமுக மெயில்: என் முதல் வார அனுபவம்

போன மாதம் புது வேலையில் சேர்ந்தேன். கணக்குத் துறை, வெண்டர் பில்களைச் சரிபார்க்கும் குழு. குழுவில் நாங்கள் ஏழு பேர், துறையில் மொத்தம் 130 பேர். இரண்டாம் நாள் மேலாளர் என் இருக்கைப் பக்கம் வந்து, "இந்த வாரத்துக்குள்ள துறைக்கு ஒரு சின்ன அறிமுக மெயில் போட்டுடுங்க, அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை காட்டுங்க" என்றார். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் அந்த மெயில் வெளியே போக வெள்ளிக்கிழமை மதியம் ஆகிவிட்டது. அந்த மூன்று நாளில் நடந்ததை எழுதி வைத்தால் இதே இடத்தில் நிற்கும் யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

முதல் டிராஃப்ட் நான்கு பத்தி. என்ன படித்தேன், இதற்கு முன் எங்கெல்லாம் வேலை பார்த்தேன், என்னென்ன மென்பொருள் தெரியும், இங்கே சேர்ந்ததில் எவ்வளவு மகிழ்ச்சி, எல்லாரிடமும் கற்றுக்கொள்ள எவ்வளவு ஆவல் என்று எல்லாம் அதில் இருந்தது. மேலாளர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதைப் படிக்கிறவர் உங்ககிட்ட எதுக்கு வரணும்?" அதற்கான பதில் மூன்றாவது பத்தியின் கடைசி வரியில் கிடந்தது. என்னை முன்பின் தெரியாத ஒருவர், இரண்டு வேலைக்கு நடுவில் போனில் திறந்து பார்க்கும் மெயில் இது, அவர் மூன்றாவது பத்தி வரை வரவே மாட்டார்.

அந்த வரியிலும் தவறு இருந்தது. "வெண்டர் பில்களைக் கவனித்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தேன். உண்மையில் என் பொறுப்பு போக்குவரத்து பில்களும் பராமரிப்பு பில்களும் மட்டும்தான், வாடகை, அச்சு, பயிற்சி எல்லாம் குழுவில் வேறு ஆட்களிடம் இருக்கின்றன. அதைவிட முக்கியம், பில் சிஸ்டத்தில் எனக்கு ஆக்சஸ் அடுத்த திங்கட்கிழமைதான் வரும். என் இடம் இரண்டு மாதமாகக் காலியாக இருந்ததால் பலரிடம் பில்கள் தேங்கிக் கிடந்தன, இந்த மெயிலைப் பார்த்ததும் அன்றைக்கே அனுப்பத் தொடங்கிவிடுவார்கள், நான் ஒன்றையும் திறந்துகூடப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருப்பேன். "எந்த பில், எந்தத் தேதியில இருந்து, அதுவரைக்கும் யார்கிட்ட போகணும், இந்த மூணும் இருந்தா போதும்" என்றார்.

அவர் அடித்த வரிகள் இன்னும் இரண்டு. முந்தைய வேலையில் எந்த நிறுவனத்தின் கணக்கைப் பார்த்தேன் என்று பெயரோடு எழுதியிருந்தேன். அது அங்கே ஒப்பந்தத்தில் ரகசியமாக இருக்க வேண்டிய விஷயம், 130 பேருக்கு அனுப்பிவிட்டால் திரும்ப வாங்க முடியாது. செய்த வேலையின் வகையைச் சொன்னால் போதும், யாருக்குச் செய்தேன் என்பது தேவையில்லை. அப்புறம், "நிலுவையில் உள்ள அனைத்தையும் விரைவில் முடித்துத் தருகிறேன்" என்ற வரி. தேங்கியவை எத்தனை, எதனால் தேங்கின என்று எதுவும் தெரியாமல் துறைக்கே ஒரு வாக்குறுதி. அதை அவர் அடித்தபோது வருத்தமாக இருந்தது, நல்ல மனதோடு எழுதிய வரி அது. ஆனால் அவர் சொன்னது சரி.

இரண்டாவது டிராஃப்டில் சப்ஜெக்டையும் மாற்றினேன். முதலில் வெறும் "அறிமுகம்" என்று இருந்தது. இரண்டு வாரம் கழித்து ஒருவருக்குப் போக்குவரத்து பில்லில் சந்தேகம் வந்தால் அவர் மெயில் பெட்டியில் தேடும் சொல் "பில்" என்பதாகத்தான் இருக்கும். அதனால் "போக்குவரத்து, பராமரிப்பு பில்கள்: புதிதாகச் சேர்ந்தவரின் அறிமுகம்" என்று வைத்தேன். உள்ளே போன மெயில் இவ்வளவுதான்:

"துறையில் உள்ள அனைவருக்கும் வணக்கம். இந்தத் திங்கட்கிழமை வெண்டர் பில் குழுவில் சேர்ந்திருக்கிறேன். போக்குவரத்து, பராமரிப்பு பில்களை வரும் திங்கள் முதல் நான் சரிபார்ப்பேன், அதுவரை இவற்றை இப்போது அனுப்பும் குழு முகவரிக்கே அனுப்புங்கள். அனுப்பும்போது பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணைச் சேர்த்தால் எளிதாக இருக்கும். இதற்கு முன் ஆறு ஆண்டுகள் சரக்குப் போக்குவரத்துக் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் மாடியில், குழுவின் ஜன்னல் ஓர வரிசையில் இருக்கிறேன். மதிய இடைவேளையில் செஸ் ஆடுபவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்."

கடைசியில் பெயர், பொறுப்பு, உள் தொலைபேசி எண். செஸ் வரியை வைக்கலாமா என்று தயங்கினேன். "இசை, பயணம், வாசிப்பு பிடிக்கும்" என்று எழுதினால் படிப்பவர் அதற்குப் பதிலாக எதுவும் சொல்ல முடியாது. செஸ் என்றால் ஆடுபவர் ஒரு வரியாவது எழுதுவார். அதனால் வைத்தேன்.

வியாழன் மாலை அனுப்பினேன், இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்தது. திரும்பிய மெயிலில் இந்த எண் இருந்தது:

```
550 5.7.124
```

முகவரியைத் தப்பாக அடித்துவிட்டேன் போல என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். முகவரி சரிதான். துறையின் குழு முகவரிக்கு யார் யார் மெயில் அனுப்பலாம் என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் அனுப்புபவர் இல்லை என்பதுதான் அந்த எண்ணின் பொருள். பெரிய குழு முகவரிகளுக்கு இப்படிப் பூட்டு போட்டிருப்பது சகஜம். மேலாளர் அந்தப் பட்டியலில் இருந்தார், அவரே ஃபார்வர்டு செய்திருக்கலாம், ஆனால் அப்படிச் செய்தால் வரும் பதில்களெல்லாம் அவருக்குப் போகும். அதனால் ஐடி குழுவிடம் எனக்கு அனுமதி கேட்டு எழுதினார், மறுநாள் காலை கிடைத்தது.

அனுப்பும் முன் பக்கத்து இருக்கைக்காரர் ஒன்று சொன்னார்: குழு முகவரியை பிசிசியில் போட்டு, டூவில் உங்கள் முகவரியையே போடுங்கள். போன தடவை ஒருவர் டூவில் போட்டு அனுப்ப, "நல்வரவு" என்று ஆளாளுக்கு ரிப்ளை ஆல் அழுத்தி, துறை முழுக்க ஒரு நாள் அதுவே வந்துகொண்டிருந்ததாம். பிசிசியில் இருந்தால் ரிப்ளை ஆல் அழுத்தினாலும் பதில் எனக்கு மட்டும்தான் வரும். இதில் ஒரு குறை, மெயில் யாருக்கெல்லாம் போனது என்று வாங்குபவருக்குத் தெரியாது, தனக்கு மட்டும் வந்ததா என்று குழம்பலாம். முதல் வரியில் "துறையில் உள்ள அனைவருக்கும்" என்று இருப்பதால் அது சரியாகிவிட்டது.

மாலைக்குள் பதினான்கு பதில்கள். ஒன்பது பேர் வரவேற்று ஒரு வரி, அவர்களுக்கு நானும் ஒரு வரி நன்றி எழுதினேன். மூன்று பேர் செஸ். ஒருவர் கட்டட வாடகை பில் பற்றிக் கேட்டிருந்தார், அது யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து அவரையும் சேர்த்துப் பதில் போட்டேன். கடைசியாக வந்தது போக்குவரத்தை ஒருங்கிணைப்பவரிடமிருந்து. பில்லில் இருக்கும் எடையும் எடைச் சீட்டில் இருக்கும் எடையும் ஒத்துப்போகாததால் நான்கு பில்கள் நிற்கின்றன, திங்கட்கிழமை முதல் வேலையாக எடுக்க முடியுமா என்று கேட்டு, நான்கின் ஆர்டர் எண்களையும் அவரே வரிசையாக எழுதியிருந்தார்.

திங்கள் காலை பத்து மணிக்கு ஆக்சஸ் வந்தது. முதல் எண்ணைப் போட்டுத் திறந்தேன், எடைச் சீட்டில் காலி வண்டியின் எடையைக் கழிக்காமல் அப்படியே பில்லில் ஏற்றியிருந்தார்கள்.