ஓசு மேனியா 4K: ஆஃப்செட்டைக் கடைசியில் தொடுங்கள்

கடைக்காரர் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சுங்கை சிப்புட் டவுனில் ஒரு கணினிக் கடை. பாட்டின் தாளத்துக்கு விழும் நோட்டுகளை நான்கு விசையில் அடிக்கும் ஓசு மேனியா 4K கேம் விளையாட ஒரு ஹெட்செட்டும் ஒரு கீபோர்டும் வேண்டும் என்றேன். எடுத்துக் கொடுத்தது ஒரு புளூடூத் ஹெட்செட். பெட்டியில் ‘40 எம்எஸ்’ என்று கொட்டை எழுத்து. புளூடூத் ரிதம் கேமுக்கு ஆகாது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் “இது கேமிங் மோடு அண்ணே, ஒயர் மாதிரியே இருக்கும்” என்று அந்தத் தம்பி சத்தியம் செய்யாத குறை. அந்த 40 மில்லி வினாடித் தாமதம் என்பது ஹெட்செட்டும் எதிரில் இருக்கும் கருவியும் ஒரே குறைந்த தாமத முறையைப் பேசினால் மட்டுமே கிடைக்கும். என் மடிக்கணினி அதைப் பேசவில்லை, சாதாரண முறைக்கே இறங்கிவிட்டது. பாட்டு ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம் போனது. அதைக்கூட, ஒலிக்கும் நோட்டுக்கும் உள்ள நேர வித்தியாசத்தைச் சரிக்கட்டும் ஆஃப்செட் ஸ்லைடரைத் தள்ளிச் சமாளித்துவிடலாம். தாங்க முடியாதது என்னவென்றால், ஹெட்செட்டை அணைத்து மறுபடி இணைத்ததும் முப்பது நாற்பது மில்லி வினாடி இடம் மாறியிருக்கும். மாறாத தாமதத்தைத்தான் ஆஃப்செட்டால் சரிசெய்ய முடியும். நகர்ந்துகொண்டே இருக்கும் தாமதத்துக்கு அதில் மருந்து இல்லை.

திருப்பிக் கொடுக்கப் போனேன். “பெட்டி பிரிச்சாச்சுல்லண்ணே, இனி எடுக்க மாட்டாங்க” என்றான். சரி, பக்கத்துக் கைப்பேசிக் கடையில் 15 வெள்ளிக்கு ஒயர் இயர்ஃபோன் வாங்கிச் செருகினேன். அன்றைக்கே ஒலிப் பிரச்சினையில் முக்கால்வாசி தீர்ந்தது. விண்டோஸ் ஒலி அமைப்பில் அந்த இயர்ஃபோனுக்கு `Audio enhancements` என்று ஒன்று இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். இன்னொன்று: மடிக்கணினியின் ஸ்பீக்கரில் அளந்த எண் இயர்ஃபோனுக்குப் பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எதில் விளையாடுகிறீர்களோ அதில்தான் அளக்க வேண்டும்.

இனி அளப்பது. “நான் மைனஸ் முப்பது வெச்சிருக்கேன், நீயும் அதையே வை” என்று ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த எண் அவர்களுடைய கருவிக்கும் அவர்களுடைய கைக்கும் உரியது.

நான் செய்தது இது. வேகம் மாறாத, டிரம் அடி தெளிவாகக் கேட்கும், எனக்கு மிகச் சுலபமான ஒரு பாட்டை எடுத்தேன். கண்ணால் நோட்டைத் துரத்தாமல் காதால் அடியைப் பிடித்து விளையாடினேன். இது முக்கியம். கண்ணை நம்பி அடித்தால் அளவு உங்கள் திரையைத்தான் காட்டும், ஒலியை அல்ல. முடிவுத் திரையில் `Average Hit Error` என்ற வரி எவ்வளவு முந்தி அல்லது பிந்தி அடித்தோம் என்பதைச் சொல்லும். எனக்கு வரிசையாக 24, 22, 26 மில்லி வினாடி முந்தி என்று வந்தது. பக்கத்தில் `Unstable Rate` 190. இதைப் பத்தால் வகுத்தால் உங்கள் அடிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது கிடைக்கும், அதாவது 19 மில்லி வினாடி. முந்நூறு நோட்டுக்கு மேல் உள்ள பாட்டில் சிதறல் இவ்வளவுதான் என்றால், சராசரியை ஒன்றிரண்டு மில்லி வினாடி வித்தியாசத்துக்குள் நம்பலாம். மூன்று எண்ணும் ஒன்றையொன்று ஒட்டி வந்ததால்தான் கை வைத்தேன்.

ஸ்லைடரை எந்தப் பக்கம் தள்ளுவது? கூட்டலா கழித்தலா என்பதில் கேமுக்குக் கேம் வழக்கம் மாறும். யாரையும் கேட்க வேண்டாம். ஒரு பக்கமாகத் துணிந்து 50 தள்ளிவிட்டு அதே பாட்டை அடித்துப் பாருங்கள். சராசரி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பளிச்சென்று தெரிந்துவிடும், பிறகு சரியான எண்ணுக்குத் திரும்பி வாருங்கள். பாட்டுக்குத் தனியாக `Calibrate using last play` என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது அந்த ஒரு பாட்டை மட்டும்தான் திருத்தும். பாட்டுக்கு நோட்டுகளை அடுக்கி வைத்திருப்பதுதான் சார்ட்டு. சில சார்ட்டுகளைச் செய்தவரே நேரம் தப்பிச் செய்திருப்பார், அவற்றுக்கு அது போதும். ஒரு மோசமான பாட்டுக்காகப் பொது ஆஃப்செட்டை மாற்றினால் மற்ற எல்லாப் பாட்டும் கெட்டுப்போகும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்சம் கடினமான சார்ட்டுக்குப் போனதும் சராசரி 10 பிந்தி, `Unstable Rate` 200ஐத் தாண்டிவிட்டது. இங்கேதான் நிறையப் பேர் ஸ்லைடரை மறுபடி இழுப்பார்கள். முடிவுத் திரையில் கீழே அடிகளின் பரவல் கம்பி கம்பியாக வரையப்பட்டிருக்கும். சாதாரணமாக நடுவில் ஒரு மேடு இருக்கும். எனக்கு இரண்டு மேடு: ஒன்று 5 முந்தி, இன்னொன்று 25 பிந்தி. அதாவது சராசரியான அந்த 10ல் நான் அடிக்கவே இல்லை! ஒரு மேடு ஒரு கையுடையது என்று தோன்றியது. பத்தைத் திருத்தினால் ஒரு கை இன்னும் முந்தும், மறு கை அப்போதும் பிந்தும்.

எந்தக் கை என்று பார்க்க, நோட்டு தவறினாலும் பாட்டு பாதியில் நிற்காத `No Fail` போட்டுவிட்டு முதலில் இடது கையால் மட்டும், அப்புறம் வலது கையால் மட்டும் அடித்தேன். தவறிய நோட்டுகள் சராசரிக் கணக்கில் சேராது, ஆகவே ஒவ்வொரு கையின் எண்ணும் தனியாகவே வந்தது. பிந்தியது வலது கை. காரணம் மேசை. அது தங்கச்சியின் படிப்பு மேசை, வலப் பக்கத்தில் பாதி இடம் அவளுடைய எஸ்பிஎம் புத்தகங்களுக்கு. D F J K என்ற வழக்கமான அமைப்பில் இரண்டு கையும் நெருங்கி நிற்கும். எனக்குத் தோள் கொஞ்சம் அகலம். வலது முழங்கைக்குப் புத்தக அடுக்கு இடிக்கவே, மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக மடங்கி, K விசையை நடுவிரல் நுனியால் எட்டி எட்டி அடித்திருக்கிறது. “புத்தகத்தை நகர்த்து” என்றேன். “நீ கேமை நகர்த்து அண்ணே” என்றாள்.

சரி, விசையை நகர்த்துவோம். முதலில் E F J I முயன்றேன். நடுவிரல் ஆள்காட்டி விரலைவிட நீளம், அதனால் அதற்கு மேல் வரிசையில் இடம் கொடுத்தால் விரலை மடக்க வேண்டியதில்லை. கைக்கு உண்மையிலேயே சுகமாக இருந்தது. ஆனால் மூன்று விசை ஒன்றாக விழும் இடங்களில் கடைசித் தடம் மட்டும் மிஸ், மிஸ், மிஸ். விரல் தவறினால் மிஸ் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறும். ஒரே தடத்தில் ஒரே கூட்டில் தவறாமல் மிஸ் வந்தால் கீபோர்டைச் சந்தேகப்படுங்கள். சராசரி எண்ணைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, மிஸ்தான் அந்தக் கணக்கில் இல்லையே.

நோட்பேடைத் திறந்து E, F இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு I தட்டினேன். எழுத்து வரவில்லை. எத்தனை முறை தட்டினாலும் வரவில்லை. E, F, J என்றால் வருகிறது. மலிவான மெம்ப்ரேன் கீபோர்டுகளில் விசைகள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி கிடையாது, குறுக்கும் நெடுக்குமாகப் பகிர்ந்துகொள்ளும். சில மூன்று விசைகள் சேர்ந்தால் மூன்றாவது நிஜமா போலியா என்று உள்ளே இருக்கும் சில்லுக்குத் தெரியாது, தெரியாததால் அதை விழுங்கிவிடும். எந்தக் கூட்டு மாட்டும் என்பது ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. வெளியே தெரியும் வரிசையை வைத்து ஊகிக்க முடியாது. நான்கு விசைக்கு மொத்தம் நான்கு மும்மைக் கூட்டும் நான்கும் சேர்ந்த ஒன்றும்தான், தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

அந்தக் கீபோர்டு பெட்டியில், இப்படி விசை விழுங்காது என்று பொருள்படும் ‘ஆன்ட்டி கோஸ்டிங்’ என்று போட்டிருந்ததே என்று எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் எறும்பு எழுத்தில் ஒரு சிறிய படம். WASDஐச் சுற்றியுள்ள விசைகளுக்கு மட்டுமாம். சுடும் விளையாட்டு ஆடுகிறவனுக்கு அது போதும். வலது கைக்கும் வேலை உள்ள நமக்கு I, J, K, L எல்லாம் அந்தச் சலுகைக்கு வெளியே. கடையில் கேட்டால் “கேமிங் கீபோர்டுதானேண்ணே” என்பதே பதில். வாங்கும்போதே கடைக் கணினியில் செருகி, நீங்கள் அடிக்கப்போகும் நான்கு விசையையும் ஒன்றாக அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கடைசியில் S D K L. விரல்கள் அதே ஆள்காட்டியும் நடுவிரலும்தான், கைகள் மட்டும் விலகி நிற்கின்றன. மணிக்கட்டு முன்னங்கையோடு நேராகிவிட்டது. கீபோர்டை இடப் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்ததில் புத்தக அடுக்கும் இடிக்கவில்லை. எல்லா மும்மைக் கூட்டும் நோட்பேடில் பதிந்தன. மோதிர விரலையும் நடுவிரலையும் வைத்து அடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு ஒரே விசையை விடாமல் தட்டும் இடங்களில் மோதிர விரல் சீக்கிரம் களைத்துவிட்டது, விட்டுவிட்டேன். புது அமைப்பில் முதல் சில நாள் கை தடுமாறும், அப்போது வரும் எந்த எண்ணையும் வைத்து ஆஃப்செட்டைத் தொடாதீர்கள்.

கை பழகியதும் அதே சுலபமான பாட்டில் மறுபடி அளந்தேன். சராசரி 3 பிந்தி, `Unstable Rate` 150க்கு அருகில், பரவலில் ஒரே மேடு. கடினமான சார்ட்டில் 4 பிந்தி. இரண்டும் ஒத்துப்போகவே, ஸ்லைடரை மூன்று நகர்த்தி அப்படியே விட்டுவிட்டேன். ஹெட்செட் இப்போது தங்கச்சியிடம் இருக்கிறது. அவள் அதில் பாடம்தான் கேட்கிறாள், அதற்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. கீபோர்டை மட்டும் அடுத்த முறை ஈப்போ போகும்போது மாற்ற வேண்டும், E F J I சுகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.