மலைப்பாதையை நூல் வைத்து அளந்தது

கீரிப்பாறைக்கு மேலே மலையேறும் ஒரு பழைய ஒற்றையடிப் பாதையில் தாவரக் கணக்கெடுப்புக்குப் போக வேண்டியிருந்தது. வனத்துறை அனுமதிக்கான விண்ணப்பத்தில் பாதையின் நீளத்தைக் குறிக்க வேண்டும். எத்தனை பேருக்கு எவ்வளவு தண்ணீர் சுமப்பது என்பதும் அந்தத் தூரத்தைப் பொறுத்ததுதான். போனில் இருக்கும் வரைபடத்தில் அந்தப் பாதையே இல்லை. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோப்போ ஷீட்டில் சிவப்புப் புள்ளிக்கோடாக இருந்தது. அதை நூலால் அளந்து கிலோமீட்டராக மாற்றிய விதத்தை எழுதுகிறேன்.

முதலில் நூல். கம்பளி நூலும் நைலானும் இழுத்தால் நீளும், ஆகாது. தையலுக்குப் பயன்படும் பருத்தி நூல் நல்லது. எடுத்த நூலை ஸ்கேலின் 30 செ.மீ. மேல் லேசாகப் பிடித்துப் பார்த்தேன், அப்புறம் கொஞ்சம் இறுக்கிப் பார்த்தேன். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அந்த நூல் போதும். பிறகு அதை மெழுகுவர்த்தித் துண்டில் இரண்டு தடவை இழுத்துக்கொண்டேன். மெழுகு ஏறிய நூல் தாளில் வைத்த இடத்திலேயே படிந்து கிடக்கும். நனைத்த நூலும் படியும்தான், ஆனால் பருத்தி நனைந்தால் அதன் நீளமே மாறும், தாளும் கெடும்.

அளப்பதற்கு முன் செய்யும் ஒரு சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எங்களிடம் இருந்தது அசல் ஷீட் இல்லை, கடையில் எடுத்த பிரிண்ட். 1:50,000 என்றால் 2 செ.மீ.க்கு 1 கிலோமீட்டர். அதாவது பத்து கிலோமீட்டர் 20 செ.மீ. இருக்க வேண்டும். ஷீட்டின் அடியில் இருக்கும் ஸ்கேல் கோட்டையும், ஒரு கிலோமீட்டர் கட்டங்கள் பத்தையும் அளந்தேன். இரண்டிலும் பத்து கிலோமீட்டருக்கு 18.8 செ.மீ.தான் வந்தது. தாளுக்குள் அடங்கும்படி பிரிண்டர் சுருக்கியிருக்கிறது. மேல்-கீழ், இடம்-வலம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் சுருங்கியிருந்ததால் பிரச்சினை இல்லை. இந்தத் தாளில் 1 செ.மீ.க்கு 10 ÷ 18.8, அதாவது 0.532 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் சுருங்கியிருந்தால் அந்தத் தாளை ஒதுக்கிவிட வேண்டும்.

சரி, நூல் வைப்பது. தொடக்கத்தில் பேனாவால் நூலில் ஒரு புள்ளி வைத்து, அதைப் பாதையின் ஆரம்பத்தில் ஒரு குண்டூசியால் குத்திக்கொண்டேன். இடது கை நகத்தால் நூலை அழுத்தி, வலது கையால் ஒரு சென்டிமீட்டர், அரை சென்டிமீட்டராக நகர்த்திப் படிய வைக்க வேண்டும். நேரான இடம் எளிது. கொண்டை ஊசி வளைவில்தான் நூல் ஏமாற்றும். விட்டால் வளைவின் உட்பக்கமாகச் சறுக்கிக் குறுக்கே போய்விடும், தூரம் குறைந்துவிடும். அதனால் வளைவின் முனையிலேயே ஒரு ஊசி குத்தி, அதன் வெளிப்பக்கமாக நூலைச் சுற்றித் திருப்ப வேண்டும். புள்ளிக்கோட்டில் கோடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியும் பாதைதான், அதை விட்டுத் தாண்டக் கூடாது. முடிவில் இன்னொரு புள்ளி வைத்து, நூலை எடுத்து, லேசாக நிமிர்த்தி ஸ்கேலில் வைத்தேன். மூன்று தடவை, அதில் ஒரு தடவை மேலிருந்து கீழாக, அளந்தேன். 13.5, 13.6, 13.7 செ.மீ. வந்தது. நடுவில் இருப்பதை எடுத்தால் 13.6 × 10 ÷ 18.8 = 7.23 கி.மீ. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் தரையில் சுமார் நூறு மீட்டர். ஆகவே 7.23 என்பதில் கடைசி இலக்கத்தை நம்ப வேண்டியதில்லை.

வரைபடம் தரையை மேலிருந்து பார்த்த தூரம்தான் காட்டும். ஏற்றத்தைச் சேர்க்க வேண்டும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். நியாயமான பேச்சு. பாதை சுமார் 120 மீட்டர் உயரத்தில் ஆரம்பித்து 740 மீட்டரில் முடிகிறது. பழுப்பு நிறச் சம உயரக் கோடுகளுக்கு இடைவெளி 20 மீட்டர், ஐந்தாவது கோடு தடித்து இருக்கும், அதைப் பிடித்து எண்ணினால் எளிது. ஏற்றம் 620 மீட்டர். பித்தாகரஸ் கணக்கில் 7.23-இன் வர்க்கத்தோடு 0.62-இன் வர்க்கத்தைச் சேர்த்து வர்க்கமூலம் எடுத்தால் 7.26. இருபத்தேழு மீட்டர்தான் கூடுகிறது. மலை என்றதும் தூரம் எகிறும் என்று தோன்றும், ஆனால் சாய்வால் வரும் கூடுதல் மிகச் சிறியது.

ஆனால் கோடுகளை எண்ணும்போது எனக்கு வேறு ஒன்று கண்ணில் பட்டது. பாதையின் நடுவில் 1.5 செ.மீ. நீளத்துக்கு, அதாவது 0.8 கி.மீ.க்கு, பதினாறு கோடுகளைப் பாதை நேராக வெட்டிக்கொண்டு ஏறுகிறது. 800 மீட்டரில் 320 மீட்டர் ஏற்றம், நாற்பது சதவீதம். மனிதர்கள் தலைச்சுமையோடு நடந்து உண்டாக்கிய பாதை அவ்வளவு செங்குத்தாக அரை மைல் நேராகப் போகாது. அங்கே தரையில் பாதை இடதும் வலதும் மடங்கி மடங்கித்தான் ஏற வேண்டும். ஆனால் வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் கோடு என்பதே தரையில் 25 மீட்டர். இருபது மீட்டருக்கு ஒரு மடிப்பு என்றால் அதை வரைய இடமே கிடையாது. வரைபவர் ஒரே கோடாக இழுத்துவிடுவார். நூலை எவ்வளவு கவனமாக வைத்தாலும் தாளில் இல்லாத வளைவை நூல் அளக்காது.

அதனால் அந்த இடத்தை மட்டும் நேரில் அளப்பது என்று முடிவு செய்தோம். அனுமதி வாங்கிய பிறகு, அந்தப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் அண்ணன் ஒருவரோடு போனோம். "மக்ளே, இந்த மேட்டுல ஒரு நேர்ப்பாதை கிடையாது, எல்லாம் மடக்குதான்" என்றார். முதலில் அதே சரிவில் முப்பது மீட்டர் டேப் விரித்து நடந்தேன், ஐம்பது காலடி எட்டு வந்தது. ஆக ஒரு எட்டுக்கு 60 செ.மீ. சமதரையில் என் எட்டு இதைவிட நீளம், அதை வைத்திருந்தால் கணக்கு தப்பியிருக்கும். நூறு எட்டுக்கு ஒரு கூழாங்கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே ஏறினேன். மேலே வந்தபோது இருபத்திரண்டு கல், அப்புறம் ஐம்பது எட்டு. 2,250 × 0.6 = 1,350 மீட்டர். நூல் காட்டிய 800-க்கு அரை கிலோமீட்டருக்கு மேல் அதிகம். இது சரிவிலேயே நடந்து எண்ணியது, அதனால் சாய்வுத் திருத்தம் தனியாகத் தேவையில்லை. போனில் ஜி.பி.எஸ். ஓட வைத்தும் பார்த்தோம். அடர்ந்த மரங்களுக்குக் கீழே புள்ளி அங்கும் இங்கும் குதித்ததால் அதன் நீளத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

மீதி 6.43 கிலோமீட்டரில் ஏற்றம் 300 மீட்டர்தான். அங்கே பாதை கோடுகளை ஒட்டியே மெதுவாக ஏறுகிறது, நூலை நம்பலாம். சாய்வுக்குப் பத்து மீட்டர்கூடக் கூடவில்லை. மொத்தம் சுமார் 7.8 கி.மீ. அடுத்த முறைக்கான விண்ணப்பத்தில் இதைத்தான் எழுதினோம். நேரத்துக்கு, மணிக்கு 5 கி.மீ., ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி கூடுதல் என்ற நேஸ்மித் விதியைப் பிடித்தோம். 1892-இல் ஸ்காட்லாந்து மலைகளுக்குச் சொன்னது அது. இங்கே வியர்வையும் அட்டையும் செடி பார்க்க நிற்பதும் உண்டு. விதி சொன்ன இரண்டரை மணி நேரத்தோடு இன்னொரு ஒன்றரை மணியைச் சேர்த்தே தண்ணீர்க் கணக்கைப் போட்டோம்.