பிறந்தநாள் போட்டோவில் சிவந்த கண்: ஒரிஜினலைக் கேட்டு வாங்குங்கள்

சிவப்புக் கண்ணைச் சரிசெய்ய ஸ்டுடியோவில் கொடுக்கிறீர்களா? கை வைக்காத ஒரிஜினல் ஃபைலையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். அது கையில் இல்லாமல் நாங்கள் அலைந்த அலைச்சல் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

கோபியில் அக்கா மகளுக்கு இரண்டாவது பிறந்தநாள். கேக் வெட்டும்போது மண்டபத்தில் லைட்டை அணைத்துவிட்டார்கள். இருட்டில் பிள்ளைகளின் கண்பாப்பா நன்றாக விரியும். கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷ் நேராக உள்ளே போய், கண்ணின் பின்புறத்து ரத்த நாளங்களில் பட்டுத் திரும்பும். அதுதான் சிவப்பு.

ஸ்டுடியோவில் எல்லாப் படத்துக்கும் ஒரே பட்டனைத் தட்டிக் கொடுத்துவிட்டார்கள். கண்ணோடு சேர்ந்து பாப்பாவின் நெற்றிக் குங்குமமும் கறுத்துக் கிடந்தது. கேட்டதற்கு, "சிஸ்டம் பண்றது, நாங்க என்ன பண்றதுங்க?" என்றார்கள்.

ஒரு படத்தில் மட்டும் பாப்பாவின் வலது கண் லேசாக வெளுத்திருந்தது. "அதையுங் கறுப்பாக்கிப் போடு தம்பி" என்றாள் அக்கா. எனக்கு மனசு வரவில்லை. ஒரு கண் சிவந்தும் மற்றது வெளுத்தும் இருந்தால் அழிக்கும் முன் டாக்டரிடம் காட்ட வேண்டும். விழித்திரைப் புற்றுநோய் சின்னப் பிள்ளைகளிடம் சில சமயம் இப்படித்தான் முதலில் தெரியவரும். ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஈரோட்டுக்குப் போனால், திருத்திய படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். மறுபடி கோபி, மறுபடி ஸ்டுடியோ. நல்லவேளை, மெமரி கார்டை இன்னும் அழித்திருக்கவில்லை.

ஒரிஜினலில் வெளுப்பு இன்னும் பளிச்சென்று இருந்தது. சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிந்த பிறகு உள்ளே முழுக்கப் பார்த்தார் டாக்டர். ஒன்றுமில்லை. கண் மூக்குப் பக்கம் திரும்பியிருக்கும்போது கேமரா பார்வை நரம்பின் வாயை நேராகப் பார்த்துவிடும். அந்த இடம் வெளிறியது, அதனால் வெள்ளையாக மின்னும் என்றார். அப்போதுதான் அக்காவுக்கு மூச்சே வந்தது. ஆனால் அது உள்ளே பார்த்துச் சொன்ன பதில். படத்தை மட்டும் வைத்து நீங்களாக அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள்.

பிறகு நானே GIMP என்ற படம் திருத்தும் மென்பொருளில் உட்கார்ந்தேன். முதலில் கண்பாப்பாவை மட்டும் வளைத்து செலக்ட் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் குங்குமமும் உதடும் கறுத்துவிடும். பிறகு Filters → Enhance → Red Eye Removal. Threshold-ஐ மெதுவாக நகர்த்தி, சிவப்பு போனதும் நிறுத்துங்கள்.

வெளுத்த கண்ணில் இது வேலை செய்யாது, பிடிக்க அங்கே சிவப்பே இல்லை. புது லேயர் போட்டு Mode-ஐ Multiply ஆக்கி, மெத்தென்ற பிரஷ்ஷால் அடர் சாம்பல் நிறம் பூசினேன். சுத்தக் கறுப்பு பூசினால் ஓட்டை போட்ட மாதிரி தெரியும். ஃபிளாஷின் சின்ன வெள்ளைப் புள்ளியை மறைத்துவிடாதீர்கள். அது போனால் முகத்தில் உயிரே இருக்காது. மறைந்துபோனால், அடுத்த கண்ணில் புள்ளி எந்த இடத்தில் இருக்கிறதோ அதே இடத்தில் மேலே இன்னொரு லேயரில் வைத்துவிடுங்கள்.