ஆபீஸ் ஃபேன்டசி லீக்: பவுலருக்கு நியாயமாக மார்க் போட்டுப் பார்த்த கதை

எங்கள் டீமில் ஐபிஎல்-க்கு ஒரு சின்ன ஃபேன்டசி லீக் நடத்துகிறோம். காசு கிடையாது. தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும் என்பது கூட கிடையாது, அதுவும் பந்தயம் தானே. ஜெயித்தவர் பெயர் வாட்ஸ்அப் குரூப்பின் பெயராக ஒரு வாரம் இருக்கும், அவ்வளவுதான்.

விதிகள் கொஞ்சம்தான். ஒரு மேட்சுக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அதில் குறைந்தது இரண்டு பேர் பவுலர்கள். டாஸ் போட்டு அணிகள் தெரிந்தபின், முதல் பந்துக்கு முன்னால் பட்டியலை குரூப்பில் போட வேண்டும். கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. ஒரே ஆளை ஒரு வாரத்தில் ஒரு முறைதான் கேப்டனாக வைக்கலாம். இது இல்லாவிட்டால் எல்லோரும் தினமும் ஃபார்மில் இருக்கும் ஓப்பனர்களையே கேப்டனாக வைப்பார்கள், ஆட்டம் சுவாரசியமாக இருக்காது.

தலைவலி கொடுத்தது ஸ்கோரிங்தான். ரன்னுக்கு ஒரு புள்ளி, விக்கெட்டுக்கு 25 என்பதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. எகானமிக்கு என்ன செய்வது? ஓவருக்கு ஆறு ரன்னுக்குக் கீழே கொடுத்தால் போனஸ், பத்துக்கு மேல் போனால் கழிவு என்று வழக்கமான அட்டவணை ஒன்று இருக்கிறது. ஆனால் 130 ரன் அடிக்கவே திணறும் பிட்சில் ஓவருக்கு எட்டு ரன் கொடுப்பது சுமாரான பந்துவீச்சு. 210 ரன் போகும் பிட்சில் அதே எட்டு அருமையான பந்துவீச்சு. அட்டவணைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதனால் அந்த இன்னிங்ஸின் சராசரியோடு ஒப்பிட்டோம். பவுலர் போட்ட பந்துகளுக்கு அந்த இன்னிங்ஸ் வேகத்தில் எத்தனை ரன் போயிருக்க வேண்டும், அவர் எத்தனை கொடுத்தார், வித்தியாசம் எவ்வளவோ அதுதான் புள்ளி. பேட்ஸ்மேனுக்கும் இதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். கழிவு மட்டும் பத்தைத் தாண்டாது.

சரிபார்க்க 2023 இறுதிப்போட்டியின் ஸ்கோர்கார்டை எடுத்தோம். மழையால் சிஎஸ்கேவுக்கு 15 ஓவரில் 171 என்று இலக்கு குறைக்கப்பட்ட மேட்ச் என்பதால் நல்ல பரீட்சை. சிஎஸ்கே 90 பந்தில் 171. நூர் அகமது 18 பந்தில் 17 ரன் கொடுத்து 2 விக்கெட். சராசரி வேகத்தில் 34 போயிருக்க வேண்டும். மிச்சம் பிடித்தது 17. ஆக 50 + 17 = 67. மோகித் சர்மா 18 பந்தில் 36 கொடுத்து 3 விக்கெட்: 75 − 2 = 73. இரண்டு பேரும் கிட்டத்தட்ட சமமாக வந்தார்கள், அந்த மேட்சைப் பார்த்தவர்களுக்கு அது சரி என்றே தோன்றும். குஜராத் பக்கம் சாய் சுதர்சன் 47 பந்தில் 96: வேகத்துக்கு 12 சேர்த்து 108. பவுண்டரிக்கும் சிக்ஸருக்கும் தனி போனஸ் வைக்கவில்லை, இந்தக் கணக்கிலேயே அது வந்துவிடுகிறது.

முதல் பந்தில் அவுட் ஆன தோனிக்கு டக் என்று தனிக் கழிவு இல்லாமலே −2 வந்தது. கில்லை ஸ்டம்பிங் செய்ததற்கு 10, சாஹாவைக் கேட்ச் பிடித்ததற்கு 8 சேர்த்து மொத்தம் 16. (கேட்ச் 8, ஸ்டம்பிங் 10.)

பவுலர் புள்ளிக்கு ஷீட்டில் போட்ட ஃபார்முலா இது. B விக்கெட், C பந்துகள், D கொடுத்த ரன். H1, H2 இன்னிங்ஸின் ரன்னும் பந்துகளும்.

```
=B2*25+MAX(-10,ROUND($H$1/$H$2*C2-D2,0))
```

ஓவராக எழுதாமல் பந்தாக எழுதுவது முக்கியம். 3.2 ஓவர் என்று போட்டால் ஷீட் அதை மூன்றேகால் ஓவருக்கும் குறைவாக எடுத்துக்கொள்ளும். உண்மையில் அது 20 பந்து, அதாவது மூன்று ஓவரும் மூன்றில் ஒரு பங்கும். எந்த எச்சரிக்கையும் வராது, புள்ளி மட்டும் ஒன்றிரண்டு தவறும். ஒரு பவுலரின் ஓவரில் தசமப் புள்ளி தெரிந்தால் அந்த வரியை முதலில் பாருங்கள்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. கடைசி ஓவர்கள் போடுபவருக்கு இன்னிங்ஸ் சராசரி எப்போதும் பாதகம்தான். "டெத் ஓவர் போடுறவங்களுக்கு இது அநியாயம்ணா" என்று டீமின் இளைய பையன் ஒவ்வொரு வாரமும் சொல்கிறான். அங்கே விக்கெட்டும் அதிகம் விழுவதால் பாதி ஈடாகிறது. மீதிக்கு, கடைசி நான்கு ஓவருக்கு மட்டும் தனிச் சராசரி எடுத்துப் பார்க்கலாம் என்று அவனே சொன்னான். அதற்குப் பந்துக்குப் பந்து விவரம் எடுத்து எழுத வேண்டும். அந்த வேலையை அவனே ஏற்றிருக்கிறான். அடுத்த வார மேட்சுகளுக்குப் பழைய கணக்கு, புதுக் கணக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டப்போகிறோம்.